பெயரை மூடு, படத்தை மாற்று

எம்.பி.பி.எஸ். முதலாண்டு ஸ்பாட்டர் தேர்வில் பலரைக் கவிழ்ப்பது கணையமும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியும்தான். நுண்ணோக்கியில் இரண்டும் ஊதா நிறக் கொத்துகள். முதல் பார்வையில் அண்ணன் தம்பி மாதிரி.

இதற்கு ஆன்கி செயலியில் `Image Occlusion` அட்டை உதவும். பெயர் குறித்த படத்தை ஏற்றி, ஒவ்வொரு பெயரின் மேலும் ஒரு கட்டம் வரைந்து மூட வேண்டும். அம்புக்குறியையும் அது தொடும் திசுவையும் மூடக் கூடாது; அதைப் பார்த்துத்தானே பதில் சொல்ல வேண்டும்? `Hide All, Guess One` என்பதையே தேர்ந்தெடுங்கள். மற்ற பெயர்கள் தெரிந்தால், மிச்சமிருப்பதைக் கழித்தே விடை சொல்லிவிடலாம்.

கணையப் படத்தில் முக்கியமான கட்டம் வெளிறிய லாங்கர்ஹான்ஸ் திட்டுக்கு. பரோடிட்டில் கோடுள்ள நாளங்களுக்கும், வெள்ளை ஓட்டைபோலத் தெரியும் கொழுப்புச் செல்களுக்கும். கோடுள்ள நாளம் கணையத்தில் இல்லை.

ஆனால் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மூளை திசுவை விட்டுவிட்டு, 'இடது மேல் மூலை என்றால் திட்டு' என்று இடத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். வேறொரு ஸ்லைடைக் காட்டியதும் விழித்தால் நடந்திருப்பது இதுதான். ஆகவே ஒவ்வொரு உறுப்புக்கும் வெவ்வேறு ஸ்லைடுகளிலிருந்து, வெவ்வேறு உருப்பெருக்கத்தில் மூன்று படங்களாவது வேண்டும். கூடவே, பெயரே இல்லாத படத்தோடு ஒரு சாதாரண அட்டை: 'எந்த உறுப்பு? இரண்டு அடையாளம் சொல்.' மதிப்பெண் அந்த இரண்டு அடையாளங்களுக்கும் உண்டு.