மீன்கடையிலிருந்து வரும் காலைச் செய்தி

காலை ஆறு மணியைத் தாண்டியதும் சென்னையில் பல வீடுகளின் கைபேசிக்கு மீன்கடையிலிருந்து ஒரு படம் வருகிறது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் மேல் பரப்பிய மீன். அதற்குக் கீழே நாலைந்து வரிகள். அந்த வரிகள் பெரும்பாலும் இப்படி இருக்கும் (விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும், நாளுக்கு நாள் மாறுபவை):

வஞ்சிரம், 3 கிலோவுக்கு மேல், 2 மீன். முழுசா கிலோ 900, துண்டு 1,250.
நெத்திலி, ஃபைபர் மீன், 6 கிலோ. கிலோ 300.
இறால், நடுத்தரம், 8 கிலோ. கிலோ 450.
எடை வெட்டுவதற்கு முன். ஆர்டர் 8 மணிக்குள். வாங்கும் நேரம் 8.30 முதல் 11 வரை.

இதை விலைப்பட்டியல் என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் பாதி விஷயம் தவறிப்போகும். மீன் எப்போது பிடிபட்டது, வீட்டுக்கு எவ்வளவு வந்து சேரும், எவ்வளவு நேரம் தாங்கும் என்ற மூன்றும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

செய்தி ஏன் ஆறு மணிக்கு முன் வருவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். காசிமேட்டில் ஏலம் விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். அங்கே சில்லறைக் கடைக்காரர் எடுப்பது கூடைக் கணக்கில். தராசில் நிறுத்து அல்ல. கூடையைக் கண்ணால் பார்த்து, இத்தனை கிலோ தேறும் என்று மதிப்பிட்டு விலை கேட்கிறார். கடைக்கு வந்து கொட்டி, பெரியது சிறியது பிரித்து, நசுங்கியதைத் தள்ளி, எடை போட்ட பிறகுதான் கிலோ என்ன விலைக்குக் கட்டுப்படியாகும் என்பது அவருக்கே தெரியும். ஆகவே முந்தின இரவே மீனும் விலையும் உறுதியாக எழுதி வந்தால், அது ஏற்கெனவே கடையில் இருக்கும் சரக்கு என்று எடுத்துக்கொள்வதே சரி.

அடுத்தது ‘ஃபைபர் மீன்’. கண்ணாடியிழைப் படகுகள் இரவிலோ விடியலிலோ போய், சில மணி நேரத்தில் கரை திரும்புபவை. பெரிய விசைப்படகுகள் அப்படியல்ல. ஐஸை ஏற்றிக்கொண்டு போய் ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல் கடலில் தங்கி வருகின்றன. இரண்டும் இன்று காலை கரைக்கு வந்தவைதான். ஆனால் விசைப்படகின் அடிப்பெட்டியில் இருக்கும் வஞ்சிரம் போன வாரம் பிடிபட்டதாக இருக்கலாம். அதனால் அது கெட்ட மீன் ஆகிவிடாது. பிடித்ததும் போதிய ஐஸில் புதைத்த பெரிய மீன் பல நாள் நன்றாகவே தாங்கும். நெத்திலியும் மத்தியும் அப்படித் தாங்காது. வயிறு சீக்கிரம் வெடித்துவிடும். அதனால்தான் நெத்திலிக்குப் பக்கத்தில் ஃபைபர் என்று எழுதியிருப்பது முக்கியம். எழுதவில்லையென்றால் கேட்கலாம். “அக்கா, இது எந்தப் போட் மீன்?” என்றால், “வஞ்சிரம் பெரிய போட்டுமா, ஐஸ்ல வந்தது. நெத்திலிதான் விடியக்காலை வந்தது” என்று சொல்வார்கள். இந்த வேறுபாட்டைத் தயங்காமல் சொல்லும் கடையை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

வஞ்சிரத்துக்கு இரண்டு விலை இருப்பதைப் பார்த்து, வெட்டிக் கொடுக்க 350 ரூபாயா என்று பலர் கொதிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3.2 கிலோ மீன் முழுசாக 2,880 ரூபாய். தலை, குடல், செதிள், துடுப்பு எல்லாம் போனால் கால் பங்கு குறையும் என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 2.4 கிலோ துண்டு. அப்போதே துண்டின் அடக்க விலை கிலோ 1,200 ஆகிவிட்டது. கடைக்காரருக்கு மிஞ்சுவது கிலோவுக்கு 50 ரூபாயும் ஒரு தலையும். குழம்புக்குத் தலை பிடிக்கும் வீடு என்றால், பக்கத்து வீட்டோடு சேர்ந்து முழு மீனாக வாங்குவதே லாபம். ‘2 மீன்’ என்று எண்ணிக்கையில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. எல்லோரும் நடுத்துண்டு கேட்பார்கள். வால் பக்கம் தேங்கிவிடும். முழு மீனுக்கும் ஆள் சேர்ந்த பிறகே பல கடைகளில் கத்தி இறங்கும்.

இறாலில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். 450 ரூபாய் இறால், உரித்த பிறகு கிலோ 900 ரூபாய்ச் சதை. வேறொரு கடை உரித்த இறாலை 700 ரூபாய்க்குப் போட்டால், அது மலிவா, சின்ன இறாலா, தண்ணீரோடு எடை போட்டதா என்று பார்க்க வேண்டும். தலையோடு வாங்குவதில் ஒரு வசதியும் உண்டு. நாள்பட்டால் முதலில் கறுப்பதும் கழன்று தொங்குவதும் தலைதான். உரித்துவிட்டால் அந்த அடையாளம் போய்விடும். ‘எடை வெட்டுவதற்கு முன்’ என்ற சிறு வரி இல்லாத செய்தியில்தான், ஒரு கிலோவுக்குக் காசு கொடுத்தேன், வீட்டில் முக்கால் கிலோதான் இருக்கிறது என்ற சண்டை பிறக்கிறது.

கடைசி வரியான நேரத்தைத்தான் நாம் மிக அலட்சியமாக எடுத்துக்கொள்கிறோம். எட்டு மணிக்குள் ஆர்டர் கேட்பது, சுத்தம் செய்பவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க. வஞ்சிரத்தைச் சில நிமிடத்தில் துண்டு போட்டுவிடலாம். ஒரு கிலோ நெத்திலியைத் தலை கிள்ளிக் கொடுப்பது பொறுமை கேட்கும் வேலை. பதினோரு மணிக் கெடுவுக்குக் காரணம் வேறு. முழு மீனை விட, கழுவி வெட்டிப் பையில் கட்டிய மீன் வேகமாகக் கெடும். மீனின் எடைக்குச் சமமான ஐஸ் என்பது நம் வெயிலுக்கான பொதுவான அளவு. கட்டி வைத்த பைகள் ஒவ்வொன்றுக்கும் அந்த அளவு ஐஸை மதியம் வரை கொடுத்துக்கொண்டிருப்பது சிறு கடைக்கு முடியாத காரியம்.

கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம் மூன்றிலும் இன்னும் கவனம் வேண்டும். இவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலைவலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். பல நேரம் அந்த மீன் வெயிலில் வண்டியில் கிடந்திருக்கும். ஒன்பது மணிக்கு வாங்கி, இன்னும் இரண்டு வேலையை முடித்துக்கொண்டு பன்னிரண்டுக்கு வீடு போகிறவர், அந்த இரண்டு வேலையை முடித்துவிட்டு பத்தரைக்கு மீன்கடைக்குப் போவதே நல்லது. கையில் ஒரு பெட்டியும், கடையில் கேட்டு வாங்கிய இரண்டு கை ஐஸும் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது இந்தச் செய்தியின் முகமே மாறும். ஃபைபர் படகில் வரும் மீன் கொஞ்சமாக இருக்கும், விலை ஏறும். தடை பின்னால் தொடங்கும் மேற்குக் கரையிலிருந்து லாரியில் மீன் வரும். கெண்டையும் கட்லாவும் பட்டியலில் ஏறும். அந்த இரண்டு மாதத்தில் எந்தக் குறிப்பும் இல்லாமல் பெரிய வஞ்சிரம் தினமும் தாராளமாக வந்தால், எந்தக் கரையிலிருந்து வந்தது, குளிர்கிடங்கில் இருந்ததா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.