கடைசி வரிசையில் காணாமல் போகும் மெனு

ஒரு கடையின் ஆர்டர் பட்டியல் திரையில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் மூன்று புள்ளி பட்டன். முதல் வரிசையில் அதை அழுத்தினால் 'திருத்து', 'அச்சிடு', 'ரத்து செய்' என்று மெனு முழுதாக விரிகிறது. கடைசி வரிசையில் அழுத்தினால் 'திருத்து' மட்டும் தலைகாட்டுகிறது. மற்ற இரண்டையும் யாரோ கத்தரித்துவிட்டதுபோல் இருக்கிறது.

புரோகிராமர்கள் பலர் முதலில் கைவைப்பது z-index மீதுதான். 10 என்பதை 9999 ஆக்குவார்கள், ஒன்றும் மாறாது. எது மேலே, எது அடியில் என்ற அடுக்கு வரிசையைத்தான் z-index தீர்மானிக்கிறது. மெனுவை வெட்டுவதோ, அதைச் சுற்றியிருக்கும் பெட்டியின் overflow விதி. அட்டவணை பக்கவாட்டில் மட்டும் உருளட்டும் என்று overflow-x: auto எழுதினாலே போதும், மேல்-கீழ் திசைக்கும் பிரவுசர் அதே auto-வை எடுத்துக்கொள்ளும். மெனு பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். அந்த விதியைச் சற்று நேரம் நீக்கிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து, மெனுவைப் பெட்டியிலிருந்தே வெளியேற்றுவது. HTML-இல் உள்ள popover பண்பு, மெனுவைப் பக்கத்தின் எல்லாவற்றுக்கும் மேலான தனி அடுக்குக்கு ஏற்றிவிடுகிறது. பெட்டியின் கத்தரி அங்கே எட்டாது.

ஆனால் திரையின் விளிம்பு அப்படியேதான் இருக்கிறது. அங்கேதான் கணக்கு தேவைப்படுகிறது. திரையின் உயரம் 640 பிக்சல் என்று கொள்வோம். பட்டன் 560-இல் தொடங்கி 600-இல் முடிகிறது. மெனுவின் உயரம் 200, இடைவெளி 8. கீழே மிஞ்சுவது 640 − 600 − 8, அதாவது 32 பிக்சல். மேலே 552 இருக்கிறது. எனவே மெனு 352-இல் தொடங்கி மேல்நோக்கித் திறக்க வேண்டும். இரு பக்கமும் போதவில்லை என்றால், இடம் அதிகமுள்ள பக்கத்தைத் தேர்ந்து, மெனுவின் உயரத்தை அந்த அளவுக்குக் குறைத்து, உள்ளே உருளவிடுவார்கள்.

திருப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேடல் பெட்டியில் தட்டத் தட்ட, அதன் பட்டியல் சுருங்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் புதிதாகக் கணக்கிட்டால், மேலே இருந்த பட்டியல் திடீரென்று கீழே குதிக்கும். விரல் தவறான பெயரில் விழும். திறக்கும்போது எடுத்த பக்கத்தை மூடும்வரை மாற்றாமல் வைத்திருப்பதே நல்லது.

இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாக பாப்பர், அதன் வாரிசான ஃப்ளோட்டிங் யுஐ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் செய்துவருகின்றன. இப்போது CSS-இலேயே வழி வந்துவிட்டது. மெனு எந்தப் பட்டனைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டால், மீதி இரண்டு வரிதான்:

```
position-area: bottom;
position-try-fallbacks: flip-block;
```

கீழே இடமில்லையென்றால் மேலே திருப்பு என்பதே இரண்டாம் வரியின் பொருள். இந்த வசதியின் முதல் வடிவம் 2024-இல் குரோம் 125-இல் வந்தது. பழைய பிரவுசர்களுக்கு இது புரியாது; அவற்றுக்கு இன்னும் ஜாவாஸ்கிரிப்ட்தான் கணக்குப் போட வேண்டும்.