மாத்திரை நின்றாலும் மருந்து நிற்பதில்லை

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் ஒரு குக்கிராமம். அங்கே முப்பத்தைந்து வயதுள்ள ஒருவருக்கு முதல் முறையாக வலிப்பு வருகிறது. மலையிலிருந்து இறக்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள். ஃபெனிட்டாயின் என்ற மாத்திரை, 100 மில்லிகிராமில் மூன்று, தினமும் இரவு போட வேண்டும். "ஒரு நாள்கூட விட்டுடக் கூடாதுப்பா" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். வலிப்பு நோய்க்கு அதைவிடச் சரியான அறிவுரை கிடையாது. அவரும் ஒரு நாள்கூட விடவில்லை.

பதினைந்தாம் நாள் காய்ச்சல் வருகிறது. தொண்டை வலிக்கிறது, கண் எரிகிறது. பதினேழாம் நாள் முகத்திலும் மார்பிலும் செந்நிறத் திட்டுகள். பத்தொன்பதாம் நாள் கொப்புளம். இந்த மனிதர் என் கற்பனை. ஆனால் இந்த அறிகுறிகளின் வரிசையும் நாள் கணக்கும் தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பவை. இந்தக் கட்டுரை அந்த நான்கு நாட்களைப் பற்றியது.

மலை கிராமத்தில் வலிப்பு அபூர்வமான நோய் அல்ல. ஜவ்வாது மலையின் ஒரு பகுதி அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சுமார் 50,000 பேரிடம் கணக்கெடுத்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1,000 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம், மூளைக்குள் போய்த் தங்கிய பன்றி நாடாப்புழுவின் இளநிலைக் கட்டிகள். இந்த வலிப்பை அடக்க மருந்து தேவை. 1938-லிருந்து புழக்கத்தில் உள்ள ஃபெனிட்டாயின் விலை குறைவானது, எளிதில் கிடைப்பது, பெரும்பாலானோருக்கு நன்றாகவே வேலை செய்வது. பத்தாயிரம் பேரில் சிலருக்கு மட்டும் அது வேறு முகத்தைக் காட்டுகிறது.

அந்த முகத்தின் பெயர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். 1922-ல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் காய்ச்சல், புண்ணான வாய், சீழ்க் கண்கள், தோல் தடிப்புகளுடன் வந்த இரு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். 1956-ல் ஸ்காட்லாந்தின் ஆலன் லயல், வெந்நீர் கொட்டியதுபோல் தோல் உரிந்த நான்கு பேரைப் பற்றி எழுதினார். இரண்டும் ஒரே நோயின் சிறிய, பெரிய வடிவங்கள் என்று பிறகு புரிந்தது. நோயாளியின் கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடல்பரப்பில் சுமார் ஒரு சதவீதம். பத்துக் கைப்பரப்புக்குள் உரிந்தால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன். முப்பதைத் தாண்டினால் லயல் கண்டது. அந்த நிலையில் மூவரில் ஒருவர் வரை இறக்கிறார்கள்.

தோலில் நடப்பது என்ன? நம் மேல்தோல் ஒரு தாள் அளவு கனம்தான். மருந்தின் மூலக்கூறு, செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதம் ஒன்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் ரோந்து சுற்றும் டி-செல்கள் அந்தப் புரதத்தைப் பார்த்து, 'இது நம் ஆள் இல்லை' என்று தவறாக முடிவு செய்கின்றன. தாக்குதலுக்கு ஆள் திரட்ட அவற்றுக்கு இரண்டு வாரங்கள் போல ஆகும். முதல் மாத்திரைக்கும் முதல் காய்ச்சலுக்கும் நடுவே பெரும்பாலும் 4 முதல் 28 நாட்கள் இருப்பது அதனால்தான். திரண்ட பிறகு அவை கிரானுலைசின் என்ற புரதத்தைக் கக்குகின்றன. நோயாளிகளின் கொப்புள நீரில் அது கொட்டிக் கிடப்பதை தைவான் ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். அது பட்ட தோல்செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. மேல்தோல் அடித்தோலிலிருந்து கழன்றுவிடுகிறது. வெந்த தக்காளியை விரலால் லேசாகத் தள்ளினால் தோல் நழுவி வருமே, அதுபோல் நோயாளியின் தோல் நழுவுகிறது. வாயின் உட்புறமும், கண்ணின் சவ்வும், சிறுநீர்ப் பாதையும் இதேபோல் கழல்வதால்தான் சாப்பிடவும் கண் திறக்கவும் சிறுநீர் கழிக்கவும் உயிர்போகிறது.

எல்லா மருந்தும் இதைச் செய்வதில்லை. பெரும்பகுதிப் பழி ஒரு சிறிய பட்டியல்மேல் விழுகிறது. ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரைகள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால். கோட்ரைமாக்சசோல் முதலான சல்ஃபா மருந்துகள். எச்.ஐ.வி.க்கான நெவிரபின். பைராக்சிகாம், மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரைகள். பல மாதமாகச் சிக்கலில்லாமல் சாப்பிடும் மருந்தைவிட, கடந்த இரண்டு மாதத்துக்குள் புதிதாகத் தொடங்கிய மருந்தின் மேல்தான் சந்தேகம் முதலில் போக வேண்டும்.

யாருக்கு வரும் என்பதற்கும் கொஞ்சம் விடை கிடைத்திருக்கிறது. தைவானில் கார்பமசெபினால் பாதிக்கப்பட்டவர்களிடம் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற அடையாளப் புரத வகை இருப்பதை 2004-ல் கண்டார்கள். ஃபெனிட்டாயினில் இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த மருந்தை உடைத்து வெளியேற்ற ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தமான வகையில் அமைந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஃபெனிட்டாயினால் கடுமையான தோல் பாதிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்று 2014-ல் தைவான், ஜப்பான், மலேசிய நோயாளிகளிடம் கண்டார்கள். 2021-ல் வந்த ஒரு ஆய்வு அதே தொடர்பைத் தமிழ் நோயாளிகளிடமும் காட்டியது.

இது வெறும் மரபணுச் செய்தி அல்ல. யாருக்கு ஆபத்து அதிகமோ, அவர் உடலைவிட்டு மருந்து வெளியேறுவதும் தாமதம் என்று அதற்குப் பொருள். சாதாரணமாக ஃபெனிட்டாயினின் அளவு பாதியாகக் குறைய ஒரு நாள் போல ஆகும். இன்று மாத்திரையை நிறுத்தினால் நாளை பாதி, நாளை மறுநாள் கால், மூன்றாம் நாள் அரைக்கால் மிஞ்சும். நொதி மந்தமாக இருந்தால் அதற்கும் மேல் இழுக்கும். ஆக, கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகும் டி-செல்களுக்கு எதிரி அங்கேயேதான் இருக்கிறான். நம் மலைக்காரர் காய்ச்சல் வந்த பதினைந்தாம் நாளே நிறுத்தியிருந்தால், கொப்புளம் வரும் பத்தொன்பதாம் நாளில் நொதி சாதாரணமாக இருந்தால் அவர் ரத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மருந்து இருந்திருக்கும். அவரோ இரவுதோறும் மூன்று மாத்திரை போட்டு முழு அளவிலேயே வைத்திருக்கிறார்.

இந்த வேறுபாட்டை உயிர்க்கணக்கில் காட்டிய ஆய்வு பிரான்சில் நடந்தது. 113 நோயாளிகளை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். உடலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகளை, முதல் கொப்புளம் தோன்றிய நாளுக்குள் நிறுத்தியவர்களில் 5 சதவீதம் பேர் இறந்தார்கள். அதற்குப் பின் நிறுத்தியவர்களில் 26 சதவீதம். ஒவ்வொரு நாள் முந்தி நிறுத்தும்போதும் சாவின் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. மெதுவாக வெளியேறும் மருந்துகளில் இந்த லாபம் தெரியவில்லை. நிறுத்தினாலும் மருந்து பல நாள் உள்ளேயே தங்கியதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மருந்தில் கொப்புளத்துக்குக் காத்திருப்பது இன்னும் மோசம்.

ஆனால் அந்த முதல் நாட்களில் நோய் வேறு வேஷத்தில் வருகிறது. காய்ச்சலும் தொண்டை வலியும் என்றால் ஜலதோஷம் என்கிறோம். கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ'. திட்டுகள் வந்தால் அம்மை என்று வேப்பிலை வைத்துப் படுக்க வைக்கிறோம். நடுவில் மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமாலும் ஒரு ஆன்டிபயாடிக்கும் வாங்குகிறோம். கொப்புளம் வந்ததும் எல்லோரும் நேற்று போட்ட அந்த ஆன்டிபயாடிக்கைத் திட்டுகிறார்கள். பதினைந்து நாளாகப் போடும் வலிப்பு மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. "விடக் கூடாது" என்று டாக்டர் சொன்னதாயிற்றே.

வேஷத்தைக் கலைக்கும் அடையாளங்கள் சில உண்டு. திட்டுகள் அரிப்பதைவிட வலிக்கும். துணி பட்டாலே எரியும். திட்டின் நடுப்பகுதி கருஞ்சிவப்பாகும். வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் இரண்டு இடங்களிலாவது ஒரே சமயம் புண் வரும். உதட்டில் ரத்தப் பொருக்கு தட்டும். திட்டின் ஓரத்தை விரலால் அழுத்தித் தள்ளினால் மேல்தோல் வழுக்கும். புதிய மருந்து தொடங்கிய இரண்டு மாதத்துக்குள், காய்ச்சலோடு இவற்றில் ஒன்று வந்தாலே அந்த மருந்தின் அடுத்த வேளை தொண்டைக்குள் இறங்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலிப்பு மாத்திரையில் இந்த 'அன்றே' மிகவும் முக்கியம். திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரலாம். எனவே மாற்று மருந்து உடனே கொடுக்கப்பட வேண்டும். அந்த மாற்று, கார்பமசெபினாகவோ ஃபீனோபார்பிட்டாலாகவோ இருக்கக் கூடாது. மூன்றும் ஒரே மாதிரி வேதி அமைப்பு கொண்டவை. ஒன்றில் அடிபட்டவர் மற்றதிலும் அடிபடலாம். லெவெடிராசெட்டம் போன்ற வேறு குடும்பத்து மருந்தைத்தான் தேடுவார்கள். இதைச் சரியாகச் செய்ய, டாக்டருக்கு மருந்தின் பெயர் தெரிந்தாக வேண்டும். அட்டையிலிருந்து வெட்டி, பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரைக்குப் பெயர் இருக்காது. மலையிலிருந்து இறங்கும்போது சீட்டையும் மிச்ச மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு வருவது ரத்தப் பரிசோதனை அளவுக்கு உதவும்.

தோல் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். கண் அப்படி அல்ல. இமையின் உட்புறம் விழியோடு ஒட்டிக்கொள்கிறது, கண்ணீர் வற்றுகிறது, கருவிழி வெண்மையாகிறது. அந்த நிலையில் தானக் கருவிழி ஒட்டாது. அதற்குச் சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் ஓர் அறுவை செய்கிறார்கள். நோயாளியின் கோரைப்பல்லை வேரோடும் தாடை எலும்புத் துண்டோடும் எடுத்து, சீவி, நடுவில் துளையிட்டு, அந்தத் துளையில் பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்துகிறார்கள். அதைச் சில மாதம் உடலுக்குள்ளேயே திசு சூழ வளரவிட்டு, பிறகு கண்ணில் பதிக்கிறார்கள். சொந்தப் பல் என்பதால் உடல் அதைத் தள்ளிவிடுவதில்லை. பார்வை போனவர் அந்தப் பல்லின் வழியே மறுபடி பார்க்கிறார்.

இந்த அறுவைக்குப் பல மாதங்களும் பல படிகளும் தேவை. பதினைந்தாம் நாள் இரவு, காய்ச்சலோடு கண் எரிந்தபோது, அந்த மூன்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு "இது எப்போ ஆரம்பிச்சது?" என்று வீட்டில் ஒருவர் கேட்டிருந்தால், அநேகமாக அந்தப் பல் அதன் இடத்திலேயே இருந்திருக்கும்.