அம்மாவுக்கு ஒரு மைக்ரோவேவ் சீட்டு

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மைக்ரோவேவ் அடுப்பு வாங்கிக் கொடுத்தால், பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அதில் கேக்கும் பீட்சாவும் இருக்கும். அம்மாவுக்கு வேண்டியது பாலைச் சூடாக்குவது, ஃப்ரிட்ஜில் இருக்கும் சோற்றைச் சூடாக்குவது, நேற்று வைத்த குழம்பைச் சூடாக்குவது, இவ்வளவுதான். இந்த மூன்றுக்கும் உங்கள் கையாலேயே ஒரு சீட்டு எழுதி, அடுப்பின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். காற்று போகும் துளைகளை மட்டும் சீட்டு மறைக்கக் கூடாது.

இரண்டு திருகு வைத்த, 20 லிட்டர், 800 வாட் அடுப்பை வைத்துச் சொல்கிறேன். பொத்தான் வைத்ததைவிட வயதானவர்களுக்கு இது எளிது. மேல் திருகு வேகத்துக்கு, கீழ்த் திருகு நேரத்துக்கு. 700 வாட் அடுப்பாக இருந்தால் நான் சொல்லும் நேரத்தோடு நிமிடத்துக்குப் பத்து விநாடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டின் முதல் வரி பாத்திரத்தைப் பற்றி இருக்கட்டும்: "அம்மா, எவர்சில்வர் எதுவும் இதற்குள் போகக் கூடாது. ஸ்பூன்கூட." நம் வீட்டில் பால் குடிப்பதும் குழம்பு எடுத்து வைப்பதும் எவர்சில்வரில்தான், அதனால் கை தானாக அங்கேதான் போகும். உலோகத்துக்குள் இந்த அலை புகாது. உள்ளே இருக்கும் சோறு சூடாகாது, பாத்திரத்தின் விளிம்பிலோ மூடியின் ஓரத்திலோ பொறி பறக்கும். தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பையும், சாப்பாடு சுற்றி வரும் அலுமினியத் தாளும் அப்படித்தான். இரண்டு கண்ணாடிக் கிண்ணம், காது வைத்த ஒரு பீங்கான் கோப்பை, மூடுவதற்கு ஒரு பீங்கான் தட்டு ஆகியவற்றைத் தனியாக எடுத்து அடுப்பின் மேலேயோ பக்கத்திலேயோ வைத்துவிடுங்கள். தேட வேண்டியிருந்தால் எவர்சில்வர்தான் உள்ளே போகும்.

அடுத்து வேகத் திருகு. அதில் இருக்கும் ஆங்கில எழுத்து பொடியாக இருக்கும். ஹை என்ற இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டும், மீடியம் என்ற இடத்தில் ஒரு பச்சைப் பொட்டும் ஒட்டிவிடுங்கள். பாலுக்குச் சிவப்பு, சோற்றுக்கும் குழம்புக்கும் பச்சை. மற்ற இடங்களை அம்மா தொடவே வேண்டாம்.

இந்தப் பச்சைப் பொட்டைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கேஸ் அடுப்பில் சிம்மில் வைத்தால் தீ சின்னதாகும். சாதாரண மைக்ரோவேவ் அடுப்பு அப்படிக் குறையாது. மீடியத்தில் வைத்தால், சில விநாடி முழு வேகத்தில் வேலை செய்யும், சில விநாடி சும்மா இருக்கும். விளக்கும் தட்டும் நிற்காது, உறுமல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும். அது கெட்டுப்போய்விட்டது என்று அம்மா பயந்து அணைத்துவிடுவார்கள். முதலிலேயே சொல்லி வையுங்கள். அந்த இடைவெளியால்தான் நமக்குப் பலன். அலை உணவுக்குள் சில செண்டிமீட்டர்தான் இறங்கும். நடுப்பகுதிக்குச் சூடு ஓரத்திலிருந்துதான் மெல்லப் பரவ வேண்டும். விட்டு விட்டுச் சூடாக்கினால் அதற்கு நேரம் கிடைக்கிறது.

இனி பால். காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த பால் ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி. கோப்பையில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. சிவப்புப் பொட்டில் ஒரு நிமிடம். வெளியே எடுத்துக் கலக்கிப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் பதினைந்து விநாடி. கணக்கும் இதற்குப் பொருந்தி வருகிறது: ஃப்ரிட்ஜில் இருந்த பால் குடிக்கும் சூட்டுக்கு வர, 800 வாட்டில் ஒரு நிமிடம்தான் பிடிக்கும். இரண்டு நிமிடம் வைத்தால் ஆடை தூக்கிக்கொண்டு பொங்கி, தட்டு முழுக்க வழியும். கலக்காமல் வாயில் வைக்கவே கூடாது. மேல் பால் கொதிக்கும், அடியில் வெதுவெதுப்பாக இருக்கும். கொதிக்கும் அளவுக்குச் சூடாகியும் அசையாமல் இருக்கும் பாலில் காபித் தூளையோ சர்க்கரையோ போட்டவுடன் குபீரென்று பொங்கிக் கையில் தெறிப்பதும் உண்டு. எடுத்து அரை நிமிடம் வைத்து, பிறகு கலக்கி, அதன்பின் தூள் போடட்டும்.

நேரத் திருகில் ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக வைக்க வேண்டுமென்றால், முதலில் இரண்டைத் தாண்டித் திருப்பி, பிறகு பின்னால் கொண்டுவந்து ஒன்றில் நிறுத்த வேண்டும். நேராக ஒன்றுக்குத் திருப்பினால் நேரம் சரியாக ஓடாது.

சோறு ஃப்ரிட்ஜில் இறுகி விறைத்துவிடும். அதை அப்படியே வைத்தால் ஓரம் காய்ந்து, நடுவில் ஜில்லென்று இருக்கும். இரண்டு கைப்பிடி சோற்றைக் கையால் உதிர்த்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, நடுவில் குழி விட்டுக் கிண்ணத்தில் வட்டமாகப் பரப்ப வேண்டும். தட்டால் லேசாக இடைவெளி விட்டு மூடிப் பச்சைப் பொட்டில் இரண்டு நிமிடம். எடுத்துக் கிளறி, மறுபடி ஒரு நிமிடம். பிறகு மூடியபடியே இரண்டு நிமிடம் இருக்கட்டும், அந்த ஆவியில்தான் சோறு மிருதுவாகும். கிண்ணத்தின் அடியில் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் நன்றாகச் சுட வேண்டும். அங்கே ஆறியிருந்தால் இன்னும் ஒரு நிமிடம். மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்துக்கு வராமல், எதிர்ப்பக்கம் தூக்கித் திறக்க வேண்டும்.

சோற்றில் எனக்கு ஒரு கவலை உண்டு, அதைச் சீட்டில் அடிக்கோடிட்டு எழுதுங்கள். வடித்த சோற்றை மேசையிலேயே இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் மைக்ரோவேவில் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. அரிசியில் இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் வேகும்போதும் சாகாது. வெளியில் கிடக்கும்போது அவை பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சு எவ்வளவு சூட்டிலும் போகாது, வாந்தி வரும். வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மட்டும்தான் சூடாக்கத் தகுந்தது, அதுவும் ஒரே ஒரு தடவை.

குழம்பில் எண்ணெய் இருப்பதால் அது தண்ணீரைவிட அதிகமாகச் சூடேறும். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் எண்ணெய் நின்ற மட்டத்தில் டப்பா சொரசொரப்பாகி ஆரஞ்சு நிறம் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் உருகிய அடையாளம் அது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கப் சாம்பாரோ காரக்குழம்போ ஊற்றித் தட்டால் மூடி, பச்சைப் பொட்டில் இரண்டு நிமிடம். கலக்கி, இன்னும் ஒன்றரை நிமிடம். கெட்டியான குழம்பு சிவப்புப் பொட்டில் டப் டப்பென்று வெடித்துச் சுவரெல்லாம் தெறிக்கும். முட்டைக் குழம்பானால் முட்டையைப் பாதியாக வெட்டி வைக்க வேண்டும். முழு முட்டைக்குள் ஆவி அடைபட்டு, உள்ளேயே வெடிக்கும். சில நேரம் வெளியே எடுத்துக் கடிக்கும்போதும் வெடிக்கும். தேங்காய் போட்ட பொரியலுக்குச் சிறிது தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் தேங்காய் கருகும்.

கடைசியாக இரண்டு வரி. பொறியோ புகையோ வந்தால் கதவைத் திறக்காமல் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும். காற்று புகாவிட்டால் உள்ளே பற்றியதும் தானாக அடங்கும். இன்னொன்று, மணி அடிக்கும் முன்பே பாத்திரத்தை எடுத்துவிட்டால் நேரத் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் கதவை மூடியதும் மிச்ச நேரத்துக்குக் காலியாகவே ஓடும், காலியாக ஓடுவது அடுப்பைப் பழுதாக்கும்.