குறிகை வகைப்பாட்டில் ஆற்றலின் வளர்ச்சி: எடுத்துக்காட்டுகள்வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குறிகைகளை ஆற்றல் அல்லது திறன், இரட்டை அல்லது ஒற்றை, காலமுறை அல்லது காலமுறையற்றது என மூவகையாகப் பகுப்பது குறிகைகளும் அமைப்புகளும் என்னும் பாடத்தின் தொடக்கப் பகுதியாகும். இம்மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொள்வதால் பிழைகள் நேர்கின்றன. காலமுறையற்றது ஆற்றல் குறிகையே என்பதும், ஆற்றல் குறிகை அல்லாதது திறன் குறிகையே என்பதும் அத்தகைய பிழையான முடிவுகள். கால இடைவெளி நீளும்போது ஆற்றல் எவ்வாறு வளர்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு இவ்வகைப்பாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறிகை, ஆற்றல், திறன், இரட்டைக் கூறு, ஒற்றைக் கூறு, காலமுறை, மாதிரியெடுத்தல்.

1. வரையறைகள்

சிக்னல் என வழங்கப்பெறும் குறிகையை நேரத்தின் சார்பாக x(t) எனக் குறிப்பது மரபு. x(t) என்பது 1 ஓம் மின்தடையின் குறுக்கே அமைந்த மின்னழுத்தம் எனக் கொண்டால், அத்தடையில் ஒரு கணத்தில் செலவாகும் திறன் அம்மின்னழுத்தத்தின் வர்க்கமாகும். எனவே −T முதல் T வரையிலான இடைவெளியில் செலவாகும் ஆற்றல் பின்வருமாறு அமையும்.

E(T) = ∫ |x(t)|² dt, எல்லைகள் −T முதல் T வரை

T எல்லையின்றிப் பெருகும்போது E(T) சுழியல்லாத ஒரு முடிவுறு மதிப்பை அடைந்தால் x(t) ஆற்றல் குறிகையாகும். E(T) முடிவிலியை நோக்கிச் சென்று, E(T)/2T என்னும் சராசரி சுழியல்லாத முடிவுறு மதிப்பை அடைந்தால் அது திறன் குறிகையாகும். ஆற்றல் முடிவுறுமாயின் அதனை 2T ஆல் வகுத்த ஈவு சுழியாகிவிடும். ஆதலால் ஒரு குறிகை ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்க இயலாது. ஆனால் இரண்டும் அல்லாததாக இருக்க இயலும்.

x(−t) = x(t) எனில் குறிகை இரட்டையாகும்; x(−t) = −x(t) எனில் ஒற்றையாகும். எல்லா t மதிப்புக்கும் x(t + T₀) = x(t) என்னும் சமன்பாட்டை நிறைவு செய்யும் ஒரு மிகை எண் T₀ இருப்பின் குறிகை காலமுறை உடையது. இங்கு 'எல்லா t மதிப்புக்கும்' என்னும் நிபந்தனை முதன்மையானது என்பதை மூன்றாம் பகுதி காட்டும்.

2. ஆற்றல் தேங்கி நிற்கும் குறிகை

x(t) = e^(−2t) u(t) என்பதை முதலில் கொள்ளலாம். இங்கு u(t) அலகுப் படிச் சார்பு. t < 0 எனில் அதன் மதிப்பு 0, t > 0 எனில் 1. இணைப்புத் துண்டிக்கப்பட்ட மின்தேக்கி ஒரு மின்தடையின் வழியே மின்னிறக்கம் அடையும்போது இத்தகைய வடிவம் கிடைக்கிறது. தொகையிட்டால்,

E(T) = (1 − e^(−4T))/4

T = 1 எனில் இதன் மதிப்பு ஏறத்தாழ 0.2454; T = 2 எனில் 0.2499. அதன்பின் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஆற்றல் 1/4 என்னும் மதிப்பைத் தாண்டுவதில்லை. எனவே இஃது ஆற்றல் குறிகை.

இக்குறிகை இரட்டையும் அன்று, ஒற்றையும் அன்று. எனினும் எந்தக் குறிகையையும் இவ்விரு கூறுகளாகப் பிரிக்கலாம். இரட்டைக் கூறு [x(t) + x(−t)]/2. ஒற்றைக் கூறு [x(t) − x(−t)]/2. இங்கு அவை முறையே பின்வருமாறு அமைகின்றன.

xₑ(t) = ½ e^(−2|t|)
xₒ(t) = ½ e^(−2|t|) sgn(t)

ஒவ்வொன்றின் ஆற்றலும் 2 × ¼ × ¼ = 1/8. இவற்றின் கூட்டுத்தொகை 1/4, அதாவது முழுக் குறிகையின் ஆற்றல். இப்பொருத்தம் தற்செயலானதன்று. கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தும்போது 2xₑxₒ என்னும் குறுக்கு உறுப்பு தோன்றும். இரட்டைச் சார்பையும் ஒற்றைச் சார்பையும் பெருக்கினால் கிடைப்பது ஒற்றைச் சார்பு. −T முதல் T வரை அதன் தொகையீடு சுழியாகும். இடைவெளி சமச்சீராக இல்லையெனில் இவ்வாதம் பொருந்தாது. 0 முதல் T வரை மட்டும் தொகையிடும் ஒருவருக்கு இரு கூறுகளின் ஆற்றல்களும் தனித்தனியே 1/16ஐ நெருங்கும். கூட்டினால் 1/8 கிடைக்கும். குறிகையின் ஆற்றலோ 1/4. கூட்டுத்தொகை பாதியாகக் குறைந்து நிற்பது, எதிர்மறை நேரப்பகுதி விடுபட்டுள்ளது என்பதற்கான அடையாளமாகும்.

3. ஆற்றல் சீராக வளரும் குறிகை

அடுத்து y(t) = 3 cos(4πt) என்னும் குறிகை. இஃது இரட்டைக் குறிகை. இதன் அலைவுக்காலம் 0.5 நொடி. இதன் ஆற்றல்,

E(T) = 9T + (9/8π) sin(8πT)

இரண்டாம் உறுப்பு ஒரு வரம்புக்குள் ஊசலாடுகிறது. முதல் உறுப்பு T உடன் நேர்விகிதத்தில் வளர்கிறது. 2T ஆல் வகுத்தால் திறன் 9/2 எனக் கிடைக்கிறது. ஓர் அலைவுக்காலத்தில் சுழியல்லாத முடிவுறு ஆற்றல் கொண்ட காலமுறைக் குறிகை எதுவும் திறன் குறிகையே. ஒவ்வோர் அலைவும் ஒரே அளவு ஆற்றலைச் சேர்ப்பதே காரணம்.

இதன் மறுதலை உண்மையன்று. அதே அலையை t = 0 இல் இயக்கி வைத்தால் z(t) = 3 cos(4πt) u(t) கிடைக்கிறது. t > 0 பகுதியில் மட்டும் நோக்குவோர் இதனைக் காலமுறை உடையது என்பர். ஆனால் t = −0.5 இல் z இன் மதிப்பு 0; t = 0.5 இல் 3. தொடக்கம் உடைய எந்தச் சுழியல்லாத குறிகையும் 'எல்லா t மதிப்புக்கும்' என்னும் நிபந்தனையை நிறைவு செய்வதில்லை. எனவே z(t) காலமுறையற்றது. ஆயினும் அதன் திறன் 9/4. அது திறன் குறிகையே.

இதன் கூறுகள் மேலும் தெளிவு தருகின்றன. u(0) = ½ எனக் கொண்டால் இரட்டைக் கூறு 1.5 cos(4πt) ஆகும். அது முழு நேர அச்சிலும் காலமுறை உடையது. ஒற்றைக் கூறு 1.5 cos(4πt) sgn(t); இது t = 0 இல் குறி மாறுவதால் காலமுறையற்றது. ஒவ்வொன்றின் திறனும் 9/8, கூட்டினால் 9/4. காலமுறையற்ற குறிகையொன்றன் ஒரு கூறு காலமுறை உடையதாக அமையலாம் என்பதற்கு இது சான்று.

தொடக்கமே இல்லாத குறிகையும் காலமுறையற்றதாகலாம். cos t + cos √2t என்பதன் மதிப்பு t = 0 இல் 2. அது மீண்டும் 2 ஆக வேண்டுமெனில் t என்பதும் √2t என்பதும் ஒருசேர 2π இன் முழு எண் மடங்குகளாக வேண்டும். அப்போது √2 இரு முழு எண்களின் விகிதமாகிவிடும். அஃது இயலாது. எனவே இக்குறிகை ஒருபோதும் திரும்புவதில்லை. எனினும் இதன் திறன் 1.

4. இரண்டும் அல்லாத குறிகைகள்

ஏறுமுகக் குறிகையான t u(t) என்பதற்கு E(T) = T³/3. 2T ஆல் வகுத்த பின்னும் T²/6 எஞ்சுவதால் திறன் முடிவிலியாகிறது. இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது t^(−1/4) u(t − 1). இதன் மதிப்பு தேய்ந்து சுழியை நோக்கிச் செல்வதால் ஆற்றல் குறிகை எனத் தோன்றும். ஆனால் T > 1 எனில்,

E(T) = 2(√T − 1)

T = 100 எனில் ஆற்றல் 18, சராசரி 0.09. T = 10,000 எனில் ஆற்றல் 198, சராசரி 0.0099. ஆற்றல் முடிவிலியை நோக்கியும் திறன் சுழியை நோக்கியும் செல்கின்றன. ஆதலால் இஃது இரண்டும் அன்று. குறிகை தேய்கிறது என்பது மட்டும் போதாது. அது எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதே வகையை முடிவு செய்கிறது.

5. மாதிரியெடுத்தலும் காலமுறையும்

3 cos(4πt) என்னும் அலையை 0.1 நொடிக்கு ஒருமுறை மாதிரியெடுத்தால் 3 cos(0.4πn) என்னும் தனித்த நேரக் குறிகை கிடைக்கும். இங்கு n முழு எண் மட்டுமே. கோண அதிர்வெண்ணை 2π ஆல் வகுத்தால் 1/5. எனவே காலமுறை 5 மாதிரிகள். 0.15 நொடி இடைவெளியில் அவ்விகிதம் 3/10 ஆகிறது. மூல அலை மூன்று முறை அலைந்த பின்னரே, 10 மாதிரிகளுக்கு ஒருமுறை மதிப்புகள் திரும்புகின்றன.

இடைவெளி 1/4π நொடி எனில் 3 cos n கிடைக்கிறது. இது காலமுறை உடையதாக, N = 2πk என்னும் சமன்பாட்டை நிறைவு செய்யும் மிகை முழு எண்கள் N, k தேவை. அவ்வாறு இருப்பின் π விகிதமுறு எண்ணாகிவிடும். π விகிதமுறா எண் என 18ஆம் நூற்றாண்டில் லம்பெர்ட் நிறுவியுள்ளார். ஆகவே காலமுறை உடைய ஓர் அலையின் மாதிரிகள் காலமுறையற்றனவாயின. அவற்றின் திறனோ மாறாமல் 9/2 ஆகவே நிற்கிறது. காலமுறை மாதிரி இடைவெளியைச் சார்ந்து மாறியிருக்க, திறன் குறிகை என்னும் தன்மை நீடிக்கிறது.

6. கணினிச் சோதனையும் அதன் வரம்பும்

பதிவு செய்யப்பட்ட தரவு எப்போதும் முடிவுறு நீளம் உடையது; அதன் ஆற்றலும் முடிவுறும். எனவே கோப்பில் உள்ள எண்களை மட்டும் கூட்டினால் எல்லாம் ஆற்றல் குறிகையாகவே தோன்றும். இடைவெளியை இரட்டிப்பாக்கி E(2T)/E(T) என்னும் விகிதத்தைக் காண்பது இதற்கு ஒரு வழி. e^(−2t) u(t) என்பதற்கு இவ்விகிதம் 1ஐயும், 3 cos(4πt) என்பதற்கு 2ஐயும், t^(−1/4) u(t − 1) என்பதற்கு √2 ஐயும் நெருங்கும். t u(t) என்பதற்கு அது 8.

இச்சோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. t^(−1/2) u(t − 1) என்பதற்கு E(T) = ln T. T = 1000 எனில் விகிதம் 1.10; T = 10⁶ எனில் 1.05. விகிதம் 1ஐ நெருங்குவதால் ஆற்றல் குறிகை எனக் கொள்ள நேரிடும். ஆனால் ஒவ்வோர் இரட்டிப்பிலும் ஆற்றல் ln 2, அதாவது ஏறத்தாழ 0.693 கூடிக்கொண்டே செல்கிறது, ஒருபோதும் தேங்குவதில்லை. விகிதத்தோடு வேறுபாட்டையும் நோக்கினால் இப்பிழை வெளிப்படும். எனினும் எண்வழிச் சோதனை ஐயத்தை எழுப்பவே வல்லது; முடிவைத் தருவது தொகையீட்டின் எல்லை மதிப்பே.

முடிவுரை

ஆற்றல், திறன் என்னும் பகுப்பு E(T) வளரும் விரைவைக் கேட்கிறது; இரட்டை, ஒற்றை என்னும் பகுப்பு t = 0 ஐச் சுற்றிய சமச்சீரைக் கேட்கிறது; காலமுறை முழு நேர அச்சிலும் திரும்பி வருதலைக் கேட்கிறது. இவற்றை இணைக்கும் உறவுகளாக இங்குக் கண்டவை இரண்டு. ஓர் அலைவுக்காலத்தில் சுழியல்லாத முடிவுறு ஆற்றல் கொண்ட காலமுறைக் குறிகை திறன் குறிகையாகும். சமச்சீர் இடைவெளியில் இரட்டை, ஒற்றைக் கூறுகளின் ஆற்றல்கள் கூடி முழு ஆற்றலாகும். இவ்விரண்டின் துணையின்றி ஒரு வகையிலிருந்து மற்றொரு வகையை ஊகிக்கும் இடங்களில், z(t) என்னும் ஒரு குறிகையே அவ்வூகத்தைச் சோதிக்கப் பெரும்பாலும் போதுமானது.