பத்து வருட ஜி.எஸ்.டி. அனுபவம் தேவை

ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1-ஆம் தேதி. ஆகவே ‘ஜி.எஸ்.டி.யில் பத்து வருட அனுபவம் கட்டாயம்’ என்று 2027 ஜூலைக்கு முன்னால் யார் விளம்பரம் கொடுத்தாலும், அந்தத் தகுதியுள்ள ஆள் இந்தியாவில் ஒருவர்கூட இருக்க முடியாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2020-இல் செபஸ்டியான் ரமீரெஸ் என்ற மென்பொருள் வல்லுநர் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்தார். FastAPI என்ற மென்பொருளில் நான்கு வருடத்துக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தார்கள். ‘என்னால் விண்ணப்பிக்க முடியாது, அதை நான் உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகிறது’ என்று ட்விட்டரில் எழுதினார்.

இப்படி அப்பட்டமாகத் தெரியும் பிழைகள் குறைவு. தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றி, ஒன்றுசேரும்போது ஆளே இல்லாமல் செய்துவிடும் நிபந்தனைகள்தான் அதிகம். இரண்டு மாதம் காத்திருந்தும் ஆள் அமையாதபோது, ‘விளம்பரத்தைத் திருத்த வேண்டும்’ என்று நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதும் வேலை யாராவது ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் எச்.ஆர். பிரிவில் இருப்பவர் தலையில். அந்தக் குறிப்பை எப்படி எழுதினால் எடுபடும் என்பதை ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம்.

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். கணக்குப் பிரிவுக்கு ஓர் ஆள் வேண்டும். விளம்பரம் இது: ‘பி.காம். அல்லது எம்.காம்., சி.ஏ. இன்டர் முடித்தவருக்கு முன்னுரிமை. 6 முதல் 8 வருட அனுபவம். டேலி, எஸ்.ஏ.பி. கட்டாயம். சரளமான ஆங்கிலம். வயது 28-க்குள். ஆண்கள் மட்டும். உடனே சேர வேண்டும். ஏற்றுமதி ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் தெரிந்தால் நல்லது. சம்பளம் தகுதிக்கேற்ப.’ முதலாளி மனதில் இருப்பது மாதம் 25,000 ரூபாய்.

வந்த விண்ணப்பங்கள் 90 என்று வைத்துக்கொள்வோம். ஒருவரும் வேலைக்குச் சேரவில்லை. ‘இந்தக் காலத்துல உருப்படியான ஆளே கிடைக்கிறதில்ல’ என்று முதலாளி அலுத்துக்கொள்கிறார். இந்த இடத்தில் ‘ஆமாம் சார்’ என்று தலையாட்டாமல், எச்.ஆர். அலுவலர் முதலில் செய்ய வேண்டியது அந்த 90 விண்ணப்பங்களையும் குவியல்களாகப் பிரிப்பது.

முதல் குவியலில் 60. விளம்பரத்தைப் படிக்காமலேயே போட்டவர்கள். படிப்பு முடித்து இரண்டு மாதம் ஆனவர்கள், டேட்டா என்ட்ரி வேலை தேடுகிறவர்கள். இரண்டாவதில் 22. டேலியும் ஜி.எஸ்.டி.யும் தெரிந்தவர்கள், ஆனால் எஸ்.ஏ.பி. இல்லை, அல்லது அனுபவம் ஐந்தரை வருடம், அல்லது வயது தாண்டியது. மூன்றாவதில் 8. எல்லா நிபந்தனையும் பொருந்தியவர்கள். இவர்களில் ஐந்து பேர் சம்பளத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். மூன்று பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். மூவருக்கும் ஏற்றுமதி ரீஃபண்ட் தெரியவில்லை.

குறிப்பின் உயிர் இரண்டாவது குவியலில் இருக்கிறது, ஏனென்றால் அந்த 22 பேரின் விண்ணப்பத்தை யாரும் திறந்தே பார்க்கவில்லை. வேலை தேடும் தளத்தில் ‘எஸ்.ஏ.பி. கட்டாயம், குறைந்தது 6 வருடம்’ என்று வடிகட்டி போட்டிருந்தார்கள்; மென்பொருள் அவர்களை ஒதுக்கிவிட்டது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் அக்சென்ச்சர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரத்தின் வரிகளோடு அச்சாகப் பொருந்தவில்லை என்பதற்காகவே திறமையானவர்களைத் தங்கள் மென்பொருள் தள்ளிவிடுவதாக நிறுவன அதிகாரிகளில் 88 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். நம் திருப்பூர் நிறுவனத்தில் அந்த 22-ஐயும் திறந்து பார்க்கிறார் எச்.ஆர். அலுவலர். நான்கு பேர் ஏற்றுமதிக் கணக்குப் பார்த்தவர்கள். ஒருவர் ஆடிட்டர் அலுவலகத்தில் பனியன் கம்பெனிகளின் ரீஃபண்ட் கோப்புகளையே நான்கு வருடமாகக் கையாண்டவர். நால்வரில் இருவர் பெண்கள், ஒருவருக்கு வயது 34.

இந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் நிபந்தனைகளைப் பற்றிப் பேச வேண்டும். ‘தகுதியைக் குறைக்கலாம்’ என்று எடுத்த எடுப்பில் எழுதினால் கணக்கு மேலாளருக்குக் கோபம் வரும், வருவது நியாயமும்கூட. தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் இது எந்த நாளில், எந்த வேலைக்குத் தேவைப்படும்?

எஸ்.ஏ.பி.யில் இருந்து தொடங்குவோம். நிறுவனம் இன்றுவரை டேலியில்தான் கணக்கு எழுதுகிறது. பிறகு எஸ்.ஏ.பி. எப்படி வந்தது? கணக்கு மேலாளர் முன்பு இருந்த பெரிய நிறுவனத்தின் பழைய விளம்பரத்தை எடுத்துத் திருத்தியபோது ஒட்டிக்கொண்டு வந்தது. இப்படி வாரிசாக வந்த நிபந்தனைகள் எந்த விளம்பரத்திலும் ஒன்றிரண்டு இருக்கும்.

வயதும் அனுபவமும் இன்னும் சுவாரஸ்யம். பி.காம். முடிக்கும்போது ஒருவருக்கு ஏறக்குறைய 21 வயது. 28-க்குள் இருக்க வேண்டும், ஆனால் குறைந்தது ஆறு வருட அனுபவமும் வேண்டும் என்றால், கல்லூரியில் இருந்து நேராக வேலையில் ஏறி, ஒரு நாளும் இடைவெளி விடாத 27 வயதுக்காரர் மட்டும்தான் அந்தச் சந்தில் நுழைய முடியும். எம்.காம். படித்திருந்தால் அதுவும் அடைபட்டுவிடும். ‘உடனே சேர வேண்டும்’ என்பது இதைவிட மோசம். நல்ல வேலையில் இருப்பவருக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ நோட்டீஸ் பீரியட் உண்டு; உடனே வரக்கூடியவர் பெரும்பாலும் இப்போது வேலையில் இல்லாதவர். இரண்டு மாதமாகக் காலியாக இருக்கும் நாற்காலிக்கு ‘உடனே’ என்ற நிபந்தனை எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நிபந்தனைகள் பெருகும்போது என்ன ஆகிறது என்பதற்கு முதலாளிக்கே புரியும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நிபந்தனையும் பாதிப் பேருக்குப் பொருந்தும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறு நிபந்தனை போட்டால் 64 பேரில் ஒருவர்தான் மிஞ்சுவார். அந்த ஒருவருக்குத் தன் மதிப்பு தெரியும்; 25,000-க்கு வரமாட்டார்.

‘ஆண்கள் மட்டும்’ என்ற வரிக்குக் காரணம் கேட்டால், ‘ரிட்டர்ன் சமயத்துல ராத்திரி எட்டு மணி ஆகும்ல’ என்பார்கள். ஆள் எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். GSTR-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் 11-ஆம் தேதி, GSTR-3B-க்கு 20-ஆம் தேதி. அப்படியானால், ‘மாதத்தில் 8 முதல் 20 தேதிக்குள் சில நாள் இரவு எட்டு மணி ஆகலாம்’ என்று எழுதிவிட்டு, வருவதா வேண்டாமா என்ற முடிவை விண்ணப்பிப்பவரிடம் விட்டுவிடுவதுதானே முறை?

இதுவரை பார்த்தது வேண்டாத வரிகள். குறிப்பு இங்கேயே நின்றால் அது பாதிக் குறிப்பு. இந்த வேலையின் நடுநாயகம் எது என்று கணக்கு மேலாளரிடம் உட்கார்ந்து கேட்டால், விளம்பரத்தில் கடைசியாக ‘தெரிந்தால் நல்லது’ என்று கிடந்த ரீஃபண்ட் வேலைதான் என்பது தெரியவரும்.

ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரியைக் கட்டிச் சரக்கை அனுப்பிய நிறுவனத்துக்கு அந்தப் பணம் திரும்ப வர வேண்டும். சுங்கத் துறையின் கணினி, ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் விவரத்தையும் GSTR-1-இல் காட்டிய விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றில் ‘112’ என்றும் மற்றதில் ‘112/24-25’ என்றும் இருந்தால் போதும். SB005 என்ற பிழை விழுந்து ரீஃபண்ட் அப்படியே நிற்கும். துணி அதே, தொகை அதே, கப்பலும் போய்ச் சேர்ந்துவிட்டது. எண் எழுதிய விதம் மட்டும் வேறு. நூலுக்கும் சாயத்துக்கும் பணம் கட்ட வேண்டிய நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் முடக்கம்.

இந்தப் பிழையைப் பார்த்தவுடன் எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்தவர்தான் இந்த நாற்காலிக்கு உரியவர். அவர் ஐந்து வருடம் பார்த்தாரா, மூன்று வருடமா என்பது இரண்டாம் பட்சம். பொருந்திய எட்டுப் பேரில் நேர்காணல்வரை வந்த மூவருமே இதில்தான் தவறினார்கள். ஆக, பழைய விளம்பரம் தேவையில்லாத இடத்தில் கடுமையாகவும், தேவையான இடத்தில் தளர்வாகவும் இருந்திருக்கிறது. கணக்கு மேலாளரின் கோபத்துக்கும் இதுதான் பதில். தகுதியைக் குறைக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறோம்.

இதை வைத்து எழுதும் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இப்படித் தொடங்கலாம்: ‘இரண்டு மாதத்தில் 90 விண்ணப்பங்கள் வந்தன. நிபந்தனைகள் பொருந்திய 8 பேரில் 5 பேர் சம்பளத்துக்காகவும் 3 பேர் ரீஃபண்ட் தெரியாததாலும் அமையவில்லை. ரீஃபண்ட் தெரிந்த 4 பேர் நம் வடிகட்டியில் கழிந்திருக்கிறார்கள். அவர்களின் விவரம் இணைப்பில் உள்ளது. எஸ்.ஏ.பி., வயது, பால் ஆகிய மூன்று நிபந்தனைகளை நீக்கவும், ரீஃபண்ட் அனுபவத்தைக் கட்டாயமாக்கவும் ஒப்புதல் வேண்டுகிறேன்.’ யாருடைய தவறு என்ற பேச்சே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நான்கு பேரின் ரெஸ்யூமை இணைத்துவிட்டால், படிப்பவர் வாதத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

திருத்திய விளம்பரம் இப்படி இருக்கும்: ‘ஏற்றுமதி ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் வேலையை நேரடியாகச் செய்தவர் தேவை. நிறுவனத்திலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ குறைந்தது இரண்டு வருடம். டேலி தெரிந்திருக்க வேண்டும். வங்கிக்கும் சுங்க ஏஜென்டுக்கும் ஆங்கிலத்தில் சிறு மெயில் எழுதத் தெரிந்தால் போதும். மாதத்தில் சில நாள் இரவு எட்டு மணி ஆகலாம். இரண்டு மாதம்வரை காத்திருப்போம். சம்பளம் 25,000 முதல் 30,000 வரை.’ நேர்காணலில் ஒரு ஷிப்பிங் பில்லையும் அதற்கான GSTR-1 பக்கத்தையும் கையில் கொடுத்து, எங்கே இடிக்கிறது என்று கேளுங்கள். இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் தொகையை வெளியே சொல்ல முதலாளி தயங்குவார். உள்ளே இருக்கும் ஊழியர்கள் பார்ப்பார்களே என்பார். அந்தத் தயக்கத்தால் ஐந்து நேர்காணல்கள் தொலைபேசியிலேயே முடிந்ததைக் குறிப்பிலேயே காட்டுங்கள். புதிய விளம்பரம் வெளியாகி மூன்று வாரம் கழித்து, விண்ணப்பங்களை மறுபடியும் அதே மூன்று குவியல்களாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றாவது குவியல் பெருகியும் ஆள் சேரவில்லை என்றால், தகுதிப் பட்டியலில் இனித் திருத்த ஒன்றுமில்லை. சம்பளத்தைத்தான் திருத்த வேண்டும்.