ஆண்டின் சிறந்த பணியாளர்: உங்கள் பரிந்துரைப் படிவத்தை நாங்கள் எவ்வாறு படிக்கிறோம்?

“அவர் மிகவும் நல்லவர். எங்கள் அப்பாவைத் தெய்வம் போல் பார்த்துக்கொண்டார்.” ஆண்டின் சிறந்த பணியாளரைப் பரிந்துரைக்கும் பெட்டியைத் திறந்தால், இத்தகைய வாக்கியங்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது எங்கள் மனம் நிறைகிறது. ஆயினும் அவற்றுக்கு மதிப்பெண் வழங்க எங்களால் இயலவில்லை. என்ன நடந்தது என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. ஆகவே, எழுதத் தெரிந்த குடும்பத்தின் பணியாளர் முன்னிற்கிறார். உண்மையில் பெரும்பணி செய்தவர் பின்தங்கிவிடுகிறார். இந்த அநீதியைக் குறைக்கவே இக்கட்டுரை.

நோயாளியின் குடும்பமே பணியாளரைப் பரிந்துரைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவக் காரணமான ஒரு நிகழ்வு உண்டு. 1999ஆம் ஆண்டில், அமெரிக்காவைச் சேர்ந்த பேட்ரிக் பார்ன்ஸ் என்னும் 33 வயது இளைஞர், உடலின் எதிர்ப்பாற்றலே இரத்தத் தட்டணுக்களை அழிக்கும் ‘ஐ.டி.பி.’ என்னும் நோயின் சிக்கல்களால் உயிரிழந்தார். அவரைக் கவனித்த செவிலியரின் பரிவை மறக்க இயலாத குடும்பத்தினர், அவர் நினைவாக ‘டெய்சி விருது’ என்பதைத் தொடங்கினர். தாங்கள் பெற்ற கவனிப்பை நோயாளியும் குடும்பத்தாரும் ஒரு நிகழ்வாக எழுதித் தருவதே அவ்விருதின் அடிப்படை. அதே வழியை நாங்களும் பின்பற்றுகிறோம். செவிலியர் மட்டுமன்றி, வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், தள்ளுவண்டி ஓட்டுபவர் என யாரையும் பரிந்துரைக்கலாம்.

ஒரு படிவம், இரு விதமாக

எடுத்துக்காட்டாக, ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் பல ஆண்டுகள் உழைத்த ஒருவர், நீரிழிவினால் பாதத்தில் புண் ஏற்பட்டு வார்டில் சேர்ந்திருக்கிறார் எனக் கொள்வோம். நரம்புகள் பாதிக்கப்பட்டதால் அவர் பாதத்தில் உணர்ச்சியில்லை. அவருடைய மகள் முதலில், “இரவு உதவியாளர் மிக அன்பாக நடந்துகொண்டார்” என்று மட்டும் எழுதுகிறார்.

பின்னர், படிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து இவ்வாறு திருத்தி எழுதுகிறார்: “அப்பா சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, கட்டிலின் கீழ் இருந்த செருப்பை ஒதுக்கி வைத்த உதவியாளர், அதனுள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரு சிறு ஆணியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. உடனே செவிலியரிடம் காட்டினார். அப்பா அதை நாளும் அணிந்தும் அவருக்கு அது தெரியவேயில்லை. போடுமுன் செருப்பினுள் கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தந்தார். மறுநாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்கும் அதையே சொன்னார்.”

இரண்டாவது வடிவத்தில் அன்பு என்ற சொல்லே இல்லை. ஆனால் நாள், இடம், செயல், அதன் விளைவு, பார்த்தவர் ஆகிய ஐந்தும் இருக்கின்றன. உணர்ச்சியற்ற பாதத்தில் ஆணி குத்தினால் புதிய புண் உண்டாகும். ஏற்கெனவே இருக்கும் புண் ஆறாது. எனவே இச்செயல் வெறும் பணிவன்று, நோயாளியின் பாதுகாப்பு. மேலும், அன்றிரவு செவிலியர் எழுதிய குறிப்பில் அது பதிவாகியிருக்கும். பக்கத்துக் கட்டில் பெரியவரையும் கேட்டறியலாம். சரிபார்க்கக்கூடிய இத்தகைய செய்தியையே நாங்கள் சான்று என்கிறோம்.

எழுத இயலாதோர் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழிலோ உருதுவிலோ தெலுங்கிலோ நீங்கள் சொல்வதைச் சமூகப் பணியாளர் எழுதி, உங்களுக்கே திரும்பப் படித்துக் காட்டுவார். பிற நோயாளியின் நோயைப் படிவத்தில் குறிப்பிடாதீர்கள். பணியாளர் எவரும் உங்களிடம் பரிந்துரை கேட்கக்கூடாது. நிர்ப்பந்தம் தோன்றாதிருக்க, டிஸ்சார்ஜ் ஆன பின்னரே படிவத்தைப் பெறுகிறோம்.

மதிப்பெண் எதற்கு?

நூற்றில் 40 மதிப்பெண் பாதுகாப்புக்கு. 30 நோயாளியின் மதிப்பைக் காப்பதற்கு. 30 உடன் பணிபுரிவோருக்கு உதவுவதற்கும் பணியை மேம்படுத்துவதற்கும். ஒவ்வோர் அளவையையும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டு, அந்த விகிதத்தில் கூட்டுகிறோம். 1 என்றால் தன் கடமையைச் செய்தார். 3 என்றால் கடமைக்கு அப்பால் செய்து, அதனால் ஒருவருக்கு நன்மை விளைந்தது. 4 என்றால் பிறரும் அதைப் பின்பற்றத் தொடங்கினர். சான்று அறவே இல்லாவிடில் 0. இப்பொருள் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதால், ஒவ்வொரு நடுவரும் தன் விருப்பப்படி 3 என்பதை வரையறுக்க இயலாது.

1920ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் தார்ண்டைக் என்னும் உளவியலாளர் இத்தகைய மதிப்பீட்டில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். ஒருவரைப் பற்றிய பொதுவான நல்லெண்ணம், தொடர்பற்ற மற்றப் பண்புகளுக்கும் பரவிவிடுகிறது. சிரித்த முகமுள்ளவர் கவனமுள்ளவராகவும் தோன்றுகிறார். ஆகவே எங்கள் நடுவர்கள் ஒருவருடைய படிவத்தை முழுதும் மதிப்பிட்ட பின் அடுத்தவருக்குச் செல்வதில்லை. எல்லாப் படிவங்களிலும் ஓர் அளவையை மட்டும் முதலில் மதிப்பிட்டு, பிறகே அடுத்த அளவைக்குச் செல்கின்றனர்.

தேர்வின் படிகள்

முதலில், குழுவில் இல்லாத எழுத்தர் பணியாளரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் மறைத்து எண் இடுகிறார். அவரே பதிவேட்டுடன் ஒப்பிட்டு, ‘உறுதியானது’, ‘பகுதி உறுதி’, ‘உறுதியாகவில்லை’ என்று குறிக்கிறார். ஐந்து நடுவர்கள் தனித்தனியே, ஒருவரோடொருவர் பேசாமல் மதிப்பிடுகின்றனர். ஒரு படிவம் தம் துறையைச் சேர்ந்தது எனத் தெரியவந்தால், அந்த நடுவர் விலகுவார்; அவருடைய இடத்தில் வேறு துறையினர் அமர்வார்.

மேற்கண்ட படிவத்திற்குப் பாதுகாப்பு அளவையில் 3, 3, 4, 3, 0 என வந்தது எனக் கொள்வோம். சராசரி 2.6, மூன்றாம் இடத்து மதிப்பு, அதாவது நடு மதிப்பு, 3. ஒரே ஒரு 0 சராசரியை இவ்வாறு தாழ்த்திவிடுகிறது. அதை நீக்கிவிட வேண்டுமா? இல்லை, முதலில் காரணம் கேட்க வேண்டும். அந்த நடுவர், “கேஸ் ஷீட்டில் இந்நிகழ்வு இல்லை” என்று சொல்கிறார். தேடிப் பார்த்தால், அது இரவுப் பணி ஒப்படைப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அவர் தம் மதிப்பெண்ணை 3 என மாற்றுகிறார். பதிவு எங்குமே இல்லாதிருந்தால், அந்த 0 தான் சரியான எச்சரிக்கை. ஏனைய நால்வரே தம் மதிப்பெண்ணை மறுபடியும் பார்க்க வேண்டும். முரண்பட்ட மதிப்பெண்ணுக்குப் பின்னே பெரும்பாலும் நாம் காணத் தவறிய ஒரு செய்தி இருக்கும்.

படிவங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் பணிபுரிபவரை ஒரே நாளில் பலர் காண்கின்றனர். அறுவைக் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் பிரிவிலோ சலவைப் பிரிவிலோ உள்ளவரை எந்நோயாளியும் காண்பதில்லை. அவர்களுக்காக உடன் பணிபுரிவோரிடமிருந்தும் படிவங்களைப் பெறுகிறோம்; அவையும் அதே மறைப்புக்கும் சரிபார்ப்புக்கும் உட்படுகின்றன.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எவரும் எழுதித் தராத நற்பணியை எந்த மதிப்பெண்ணும் கண்டுபிடிக்காது. ஆகவே வீடு திரும்பிய பின், உங்களுக்காக ஒருவர் செய்த ஒரு செயலை, அது நிகழ்ந்த நாளோடும் இடத்தோடும் எழுதுங்கள். பெயர் தெரியாவிடில் வார்டையும் ஷிப்டையும் குறிப்பிட்டாலே போதும். அவரைக் கண்டறிவது எங்கள் பொறுப்பு.